காலண்டரா, செயலியா: டாக்டருக்கு எது உதவும்?

மாதவிலக்குத் தேதியைக் குறித்துவைக்கச் செயலிதான் வசதி. மறந்தால் ஞாபகப்படுத்தும், போன வருடத் தேதியையும் நொடியில் எடுத்துக்கொடுக்கும். சுவர்க் காலண்டரை வருடம் முடிந்ததும் பழைய பேப்பரோடு போட்டுவிடுவோம். எதில் குறித்தாலும் சரி, உதிரப்போக்கு சரியாகத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். முந்தின நாள் பட்ட சொட்டுக்கறையும் கணக்கில்லை, தலைக்குக் குளித்த நாளும் கணக்கில்லை.

செயலியில் எனக்குப் பிடிக்காதது அதன் முகப்பில் நிற்கும் சராசரி. ஒரு பெண்ணுக்கு ஜனவரி 5, ஜனவரி 31, மார்ச் 13, ஏப்ரல் 11, மே 17 என மாதவிலக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். இடைவெளிகள் 26, 41, 29, 36 நாட்கள். செயலி 33 என்று காட்டும். 24 முதல் 38 நாள் வரை இயல்பு என்பதால் அவரும் நிம்மதியாக இருந்துவிடுவார். ஆனால் மிகக் குறைந்த இடைவெளிக்கும் அதிகமானதற்கும் 15 நாள் வித்தியாசம். வயதைப் பொறுத்து 7 முதல் 9 நாள் வரைதான் பரவாயில்லை. இதற்குமேல் போனால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு, தைராய்டு என்று டாக்டர் யோசிப்பார். நாற்பதைத் தாண்டியவரென்றால் மாதவிடாய் நிற்கப்போகும் காலமாகவும் இருக்கலாம். அதனால் டாக்டரிடம் காட்ட வேண்டியது சராசரியை அல்ல, அந்த ஐந்து தேதிகளை.

குழந்தைக்காக முயல்பவருக்கும் இதே சிக்கல்தான். தேதிகளை மட்டும் வைத்துக் கணிக்கும் செயலி, அடுத்த மாதவிலக்கிலிருந்து சுமார் 14 நாள் பின்னால் எண்ணி, கருமுட்டை வெளியாகும் நாளைக் குறிக்கிறது. இந்தப் பெண்ணுக்கு அது 19-ஆம் நாள் என்று வரும். 41 நாள் சுழற்சியிலோ அது 27-ஐ ஒட்டி நடந்திருக்கும்.

வலி, மனநிலை என்று வந்தால் என் ஓட்டு நோட்டுக்கே. செயலியின் அழுமூஞ்சிப் படத்தைவிட "வலி 8, மாத்திரை இரண்டு, வேலைக்குப் போகவில்லை" என்ற ஒரு வரி டாக்டருக்கு நிறையச் சொல்லும். மலம் கழிக்கும்போதும் உறவின்போதும் வலி என்றால் அதையும் கூச்சப்படாமல் எழுத வேண்டும். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸைச் சந்தேகிக்க அது முக்கியமான தடயம். மனநிலைக்குத் தினமும் மதிப்பெண் போட்டு, குறைந்தது இரண்டு சுழற்சிகள் ஓட்ட வேண்டும். மாதக் கடைசியில் யோசித்து எழுதினால் எல்லா நாளும் மோசமாக இருந்த மாதிரியே தோன்றும். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் மட்டும் எரிச்சலும் அழுகையும் ஏறி, வந்த சில நாளில் அடங்கிவிட்டால் அது ஒரு கதை. மாதம் முழுக்க அப்படியே இருந்தால் சிகிச்சையே வேறாக இருக்கலாம்.

சில விஷயங்களுக்குக் குறிப்பு சேரும்வரை காத்திருக்கக் கூடாது. மணிக்கொரு நாப்கின் நனைந்து, அது தொடர்ந்து சில மணி நேரம் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும், உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலும் சீக்கிரமே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.