மூன்று நிமிடத்துக்கு மதிப்பு உண்டா? சீரான விகிதமும் குறைந்தபட்ச வரம்பும்

ஒரு புதிய பாலத்துக்கான நன்மை–செலவுப் பகுப்பாய்வில் அண்மையில் பணியாற்றியபோது, சிறு நேரச் சேமிப்புகளை எப்படி மதிப்பிடுவது என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. முழு எண்களாக்கிச் சொன்னால், பாலத்தை நாளொன்றுக்கு 20,000 வாகனங்கள் கடக்கும். வாகனத்துக்குச் சராசரியாக 1.5 பேர், ஒவ்வொருவருக்கும் மிச்சமாவது 3 நிமிடம். இது நாளுக்கு 1,500 மணிநேரம். ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டால் 4,50,000 மணிநேரம். திட்டத்தின் நன்மைகளில் பெரும்பகுதி இந்த ஒரே எண்ணில்தான் இருந்தது.

இதை மதிப்பிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், அது எவ்வளவு சிறிதாயினும், ஒரே விகிதத்தில் மதிப்புத் தருவது. மற்றொன்று, 5 நிமிடம் போன்ற ஒரு வரம்பை வைத்து, அதற்குக் குறைந்த சேமிப்பைக் கழித்துவிடுவது அல்லது மிகக் குறைவாக மதிப்பிடுவது. 1977-ல் அமெரிக்க மாநில நெடுஞ்சாலை, போக்குவரத்து அதிகாரிகளின் சங்கம் வெளியிட்ட கையேடு இரண்டாவது வழியில் சென்றது. இன்றைய அமெரிக்கப் போக்குவரத்துத் துறை முதல் வழியையே பின்பற்றுகிறது. நானும் அதையே தேர்ந்தெடுத்தேன்.

வரம்பு முறையின் கவர்ச்சி எளிதில் புரியும். மூன்று நிமிடத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்துவிட முடியும் என்ற கேள்விக்கு உடனே பதில் வருவதில்லை.

ஆனால் அந்த முறை ஓரிடத்தில் உடைந்துவிடுகிறது. அதே சாலையில், பாலத்தை அடுத்த சந்திப்பைச் சீரமைத்தால் இன்னொரு 3 நிமிடம் மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் தனித்தனித் திட்டங்களாக மதிப்பிட்டால், 5 நிமிட வரம்பின்படி இரண்டின் நேர நன்மையும் பூஜ்யம். ஒரே திட்டமாகச் சேர்த்துக் காட்டினால் 6 நிமிடமாகி, ஆண்டுக்கு 9,00,000 மணிநேரமும் முழு மதிப்புப் பெறும். கட்டுவதும் பயணிப்பவர்களும் மாறவில்லை. கோப்பு மட்டுமே மாறியது. பொதிந்து காட்டத் தெரிந்தவருக்கு ஆதாயம் தரும் அளவுகோலைப் பொதுப்பணத்துக்குப் பயன்படுத்த என்னால் இயலவில்லை.

பயனற்ற துண்டு நேரம் என்ற வாதமும் கூர்ந்து பார்த்தால் நிற்பதில்லை. பாலத்தைக் கடந்ததும் 5 நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்படும் ரயிலில் ஏறுபவர்களை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் நிலையத்துக்கு வந்து சேரும் நேரம் சீராகப் பரவியிருந்தால், 3 நிமிடம் முன்னதாக வருவதால் ஐவரில் மூவர் முந்தைய ரயிலைப் பிடித்து முழு 5 நிமிடத்தை மிச்சப்படுத்துவார்கள். மற்ற இருவர் நடைமேடையில் கூடுதலாகக் காத்திருப்பார்கள். சராசரி அப்போதும் ஆளுக்கு 3 நிமிடமே. அதாவது, 5 நிமிடத் துண்டாக வந்தால் மட்டுமே நேரம் பயன்படும் என்று ஒப்புக்கொண்டாலும், கூட்டுத்தொகை சீரான விகிதம் தரும் விடையிலேயே வந்து நிற்கிறது.

கேள்வித்தாள் ஆய்வுகளில் மக்கள் சிறு சேமிப்பை நிமிடத்துக்குக் குறைவாக மதிப்பிடுவதாகத் தெரிவது உண்மைதான். ஆனால் பதில் சொல்பவர் இன்றைய கால அட்டவணையை மனத்தில் வைத்தே சொல்கிறார். பாலமோ பல பத்தாண்டுகள் நிற்பது. பத்தாவது ஆண்டில் அதைக் கடப்பவர்களில் பலருக்குப் பழைய பயண நேரம் என்னவென்றே தெரிந்திருக்காது. சரக்கு வாகனங்களைப் பற்றி நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். நாள் கணக்கில் ஊதியம் பெறும் ஓட்டுநரின் மூன்று நிமிடம் இன்னொரு நடையாக மாறுமா என்பதை நேரில் பார்த்த அனுபவம் எனக்குக் குறைவு.

சீரான விகிதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த நிமிடங்கள் மெய்யானவையாக இருக்க வேண்டும். போக்குவரத்து மாதிரியைக் கணினியில் ஓட்டும்போது, கணக்கு முழுமையாகச் சமநிலை அடையும் முன் நிறுத்திவிட்டால், பாலத்துக்குத் தொடர்பே இல்லாத தொலைவுப் பயணங்களில்கூட 10, 15 வினாடி மிச்சமாவதாகக் காட்டும். அதை இலட்சக்கணக்கான பயணங்களால் பெருக்கினால் பெரும் நன்மையாகிவிடும். வரம்பை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் போலிச் சேமிப்புகளுக்கே அஞ்சுகிறார்கள் என்று நினைக்கிறேன். அச்சம் நியாயமானது, மருந்துதான் தவறு. ஆகவே பிரிட்டனில் செய்வதுபோல நன்மைகளை 2 நிமிடத்துக்குக் கீழ், 2 முதல் 5 வரை, 5-க்கு மேல் என்று பிரித்துக் காட்டினேன். பின்னர் சமநிலைக்கான நிபந்தனையை இறுக்கி மாதிரியை மறுபடி ஓட்டினேன். 2 நிமிடத்துக்குக் கீழ் இருந்த தொகை பாதிக்கும் மேல் கரைந்துபோயிற்று. பாலத்தைக் கடப்பவர்களின் 3 நிமிடம் ஏறக்குறைய அப்படியே நின்றது; அதற்கு முழு விகிதத்தில் மதிப்பிட்டே அறிக்கையை அனுப்பினேன்.