வருணனை முதலிலா, வாதம் முதலிலா? ஒரு மாமல்லபுரச் சிற்பத்தை வைத்து ஓர் ஒப்பீடு

கலை வரலாற்றுக் கட்டுரையில் காட்சிப் பகுப்பாய்வுப் பத்தியை இரண்டு விதமாக எழுதலாம். கண்ட எல்லாவற்றையும் வருணித்துவிட்டுக் கடைசியில் பொருள் சொல்வது ஒன்று. வாதத்தை முதலில் வைத்து, அதற்குச் சான்றாக விவரங்களைக் கொண்டுவருவது இன்னொன்று. மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் உள்ள 7ஆம் நூற்றாண்டுப் போர்ச் சிற்பத்தில் இரண்டையும் பொருத்திப் பார்ப்போம்.

முதல் வகைப் பத்தி இப்படிப் போகும்: "இடப்பக்கம் எட்டுக் கைகளுடன் துர்க்கை சிங்கத்தின் மீது அமர்ந்து வில்லை வளைக்கிறாள். சுற்றிலும் பூதகணங்கள். வலப்பக்கம் எருமைத் தலையுடன் மகிஷன், கையில் கதாயுதம். இச்சிற்பம் தீமையை நன்மை வென்றதைக் காட்டுகிறது." விவரங்களில் பிழையில்லை. ஆனால் கடைசி வாக்கியத்துக்கு அவை எதுவுமே தேவைப்படவில்லை. அதே ஊரில் திரிமூர்த்தி குகையில், வெட்டுண்ட எருமைத் தலைமேல் துர்க்கை அசையாமல் நிற்கிறாள். அந்த வாக்கியத்தை அப்படியே அங்கே கொண்டுபோய் ஒட்டலாம். வேறொரு சிற்பத்துக்கும் பொருந்துகிற முடிவு என்றால், வருணனையிலிருந்து அது பிறக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாம் வகை: "சிற்பி வெற்றியைக் காட்டவில்லை, வெற்றி கைமாறும் கணத்தைக் காட்டுகிறார். மகிஷன் துர்க்கையைவிடப் பெரிய உருவம். கதாயுதம் இன்னும் கையில்தான் இருக்கிறது. தலைக்கு மேல் அரசக் குடையும் உண்டு. ஆனாலும் உடல் அவளிடமிருந்து விலகிப் பின்னால் சாய்கிறது. சிங்கமும் பூதகணங்களும் அவனை நோக்கிப் பாய, காட்சி முழுவதும் இடமிருந்து வலமாகத் தள்ளப்படுகிறது. அவன் தோற்கப்போவதைச் சொல்வது காயமல்ல, அந்தச் சாய்வுதான்."

இதில் சாய்வை எடுத்துவிட்டால் வாதமே விழுந்துவிடும். அதனால் என் ஓட்டு இதற்கே.

சரி, இதிலும் ஆபத்து இல்லாமலில்லை. வாதத்துக்குத் தோதான விவரத்தை மட்டும் பொறுக்கத் தோன்றும். மகிஷன் பெரியவனாக இருப்பதும் குடை பிடிக்கப்பட்டிருப்பதும் 'தோற்றவன்' என்ற எளிய வாதத்துக்கு எதிரானவை. அவற்றை மறைக்காமல் உள்ளே இழுத்ததால்தான் வாதம் 'வெற்றி'யிலிருந்து 'கைமாறும் கணம்' என்று கூர்மையானது. அப்புறம், "இது பல்லவ மன்னனின் போர் வெற்றியைக் குறிக்கிறது" என்று தாவத் தோன்றும். சாய்வும் குடையும் அவ்வளவு தூரம் வராது. அதற்குக் கல்வெட்டோ வேறு வரலாற்றுச் சான்றோ வேண்டும். அது அடுத்த பத்தியின் வேலை.

முதல் வகையைத் தூக்கி எறிய வேண்டாம். சிற்பத்தின் முன் நின்று குறிப்பெடுக்கும்போது அதுதான் சரி. இன்னும் வாதம் பிடிபடாத நிலையில் எல்லாவற்றையும் எழுதிவைத்தால்தான், குடை போன்ற இடிக்கிற விவரம் கையில் சிக்கும்.