ஹார்டு டிஸ்க் நல்லதுதான், அந்தப் பச்சைக் கோடுதான் பொய்

மஞ்சக்குப்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர், நான் பயன்படுத்தும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கின் விலை இறங்கிவிட்டதாகச் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டார். "ext4-இல் ஜர்னல் இருக்கிறதே, எஜெக்ட் செய்யாமல் அப்படியே கேபிளை உருவினாலும் ஒன்றும் ஆகாதுதானே?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. ext4 என்பது டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்காக வைக்க லினக்ஸ் பயன்படுத்தும் கோப்பு முறைமை.

டிஸ்க்கின் மேல் எனக்குக் குறை இல்லை. புதுச்சேரிக் கடற்காற்றில் கேபிளின் முனை துருப்பிடித்தது, மாற்றினேன். என் கோபமெல்லாம் லினக்ஸில் காப்பி ஆகும்போது ஓடும் பச்சைக் கோட்டின் மேல்தான். கோடு முடிந்து ஜன்னல் மூடிவிடும். ஆனால் கோப்புகளில் ஒரு பகுதி இன்னும் கணினியின் ரேமில்தான் கிடக்கும். கணினி அதைப் பிறகு மெதுவாக டிஸ்க்கில் எழுதும்.

போன முகூர்த்த சீசனில் ஒரு திருமண வீடியோ காப்பியானது. ஜன்னல் மூடியதும் கடைப் பையன் கேபிளை உருவினான். மறுபடி செருகியபோது டிஸ்க் சாதாரணமாகத் திறந்தது. கர்னல் பதிவில் `recovery complete` என்று வந்தது. எல்லாப் பெயர்களும் இருந்தன. கடைசியில் ஏறிய கோப்புகளின் அளவு மட்டும் பூஜ்யம்.

ஜர்னல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அது ஒரு நாள்குறிப்பேடு போன்றது: கோப்பின் பெயர், அளவு, இடம் போன்ற விவரங்களில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் தன்னிடம் எழுதிக்கொள்ளும். பாதியில் அறுந்தால், முழுமையாக எழுதப்பட்ட குறிப்பை மீண்டும் நிறைவேற்றும், அரைகுறையை ஒதுக்கிவிடும். அதனால் கோப்பு முறைமையின் கட்டமைப்பு குலையாது. ஆனால் ext4-இன் வழக்கமான அமைப்பில் வீடியோவின் உள்ளடக்கம் ஜர்னலுக்குள் போவதே இல்லை. பெயர் சுமார் 5 விநாடியில் ஜர்னலேறிவிடும். உள்ளடக்கத்துக்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதையே ext4 தள்ளிப்போடுகிறது. அது பெரும்பாலும் அரை நிமிடம் வரை நீளும், மெதுவான டிஸ்க்கில் இன்னும் கூடும். அந்த இடைவெளியில் உருவினால் பெயர் பிழைக்கும், படம் போய்விடும். கோப்பு முறைமையைச் சோதிக்கும் `fsck` ஓட்டினாலும் பிழை இல்லை என்றே சொல்லும், ஏனென்றால் பூஜ்ய அளவுள்ள கோப்பு அதன் கண்ணில் முறையான கோப்புதான்.

விண்டோஸின் NTFS-உம் விவரங்களைத்தான் ஜர்னலில் எழுதுகிறது. exFAT-இல் ஜர்னலே கிடையாது; அங்கே கட்டமைப்பே குலையலாம்.

இப்போது கடையில் இதைப் பார்த்த பிறகுதான் எஜெக்ட்:

```
sync
grep Dirty /proc/meminfo
```

`sync` முடிந்து திரும்பும்வரை கேபிளில் கை வைக்கக் கூடாது. ரேமில் எழுதப்படாமல் காத்திருப்பதைக் காட்டும் `Dirty` எண் பூஜ்யத்துக்கு அருகில் வரும். பிறகும் எஜெக்ட் வேண்டும். இடையில் வேறு நிரல் ஏதாவது எழுதத் தொடங்கியிருக்கலாம்.

நண்பருக்கு வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கடையிலும் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். எனக்கு இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.