கீலுக்கு எது, பூட்டுக்கு எது: தேங்காய் எண்ணெயை ஏன் தள்ளி வைக்கணும்

செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் கதவு கீச்சிட்டால் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான். மலைக்கு அந்தப்பக்கம் ஆரியங்காவிலும் இதே கதைதான். நாம் கீல் என்பதை அவர்கள் விஜாகிரி என்பார்கள், அவ்வளவே வித்தியாசம். விட்ட அன்றைக்குச் சத்தம் நிற்கும் என்பதால் அந்த எண்ணெயைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றாது. கோளாறு மார்கழியில் தெரியும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். விடிகாலைக் குளிரில் பாட்டிலில் வெள்ளையாகக் கட்டிக்கொள்வதுபோல, பூட்டுக்குள்ளும் கட்டிக்கொள்ளும்.

கீலில் அது பெரிய தொல்லை இல்லை. கதவை நாலு தடவை ஆட்டினால் இளகிவிடும். தூசி பிடித்துப் பிசுக்காகும், அவ்வளவுதான். பூட்டுச் சிலிண்டரின் கதை வேறு. உள்ளே ஐந்தாறு சின்னப் பித்தளை ஊசிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தலைமுடி போன்ற ஒரு ஸ்பிரிங் சாவியின் பல்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். உறைந்த எண்ணெயோ பழைய பிசுக்கோ ஓர் ஊசியைப் பிடித்துக்கொண்டால் போதும், ஸ்பிரிங்குக்கு அதைத் தள்ளும் தெம்பு இருக்காது. காலையில் திருகாத சாவி பத்து மணி வெயிலில் திருகினால், இதுதான் காரணமென்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கீலுக்குப் போட்டி இரண்டுக்கு நடுவில்தான்: தையல் மிஷின் எண்ணெய், வெள்ளை லித்தியம் கிரீஸ். ஆணியைக் கழற்ற முடிந்த கீல் என்றால் கிரீஸுக்கே என் ஓட்டு. சாரல் ஈரத்தில் எண்ணெய் வழிந்து போகும், கிரீஸ் ஒட்டி நிற்கும். கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஓர் ஆணியை மட்டும் கீழிருந்து தட்டி எடுங்கள். இரண்டைச் சேர்த்து எடுத்தால் கதவு சாய்ந்துவிடும். ஆணியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, துரு இருந்தால் நைசான உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிசாகக் கிரீஸ் பூசித் திருப்பிப் போடுங்கள். ஆனால் கடையில் கிடைக்கும் கீல் பலவற்றில் ஆணி இரண்டு பக்கமும் அடித்து இறுக்கப்பட்டிருக்கும். அங்கே கிரீஸ் உள்ளே போகாது. மிஷின் எண்ணெய்தான் வழி. கதவின் அடியில் ஆப்பு வைத்து ஒரு நூல் தூக்கினால் மூட்டுகளுக்கு இடையே இடுக்கு விரியும். ஒவ்வோர் இடுக்கிலும் இரண்டு சொட்டு விட்டு, ஆப்பை எடுத்து இருபது முறை ஆட்டி, வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

சிலிண்டருக்கு இந்த இரண்டுமே ஆகாது. கிரீஸ் நேரடியாக ஊசிகளைச் சிறைபிடிக்கும். டெஃப்ளான் கலந்த உலர் ஸ்பிரேயும் கிராஃபைட் தூளும்தான் இங்கே உண்மையான போட்டியாளர்கள். இரண்டும் வழுக்கும், தூசியை இழுக்காது. வறண்ட ஊரில் கிராஃபைட் அருமையானது. ஆனால் சாரல் பூட்டுக்குள் இறங்கும் இடத்தில் தூள் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகும். முன்பு விட்ட எண்ணெய் மிச்சம் இருந்தாலோ கறுப்புச் சேறுதான். அதனால் இந்தப் பக்கத்து வாசல் கதவுக்கு டெஃப்ளானே மேல். மழை படாத உள்ளறைப் பூட்டுக்கு, 6பி பென்சிலைச் சாவியின் இரு பக்கமும் தேய்த்து நாலைந்து முறை விட்டு எடுத்தாலே வேலை முடிந்துவிடும்.

டபிள்யூ.டி-40 ஸ்பிரே எங்கே என்று கேட்பீர்கள். கழுவுவதற்கு அது நல்லது, தங்குவதற்கு இல்லை. பெரும்பகுதி கரைப்பான் என்பதால் ஆவியான பின் மிஞ்சும் எண்ணெய்ப் படலம் மெல்லிது. கீலில் வைத்தால் சீக்கிரமே சத்தம் திரும்பும்.

தேங்காய் எண்ணெய் குடித்த பூட்டைக் கழுவ டபிள்யூ.டி-40ஐ இப்படிப் பயன்படுத்துங்கள். குழாயைச் சாவித் துளையில் வைத்து இரண்டு நொடி அடித்து, சாவியை உள்ளே விட்டு எடுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். கறுப்புக் கறை வராத வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சில மணி நேரம் காயவிட்டு, பிறகு டெஃப்ளான் ஸ்பிரேயை ஒரே ஒரு நொடி. வாசல் மாடத்தில் விளக்கு எரிந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். இரண்டு ஸ்பிரேயுமே தீப்பிடிக்கக் கூடியவை.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு சோதனை. கதவைத் திறந்து வைத்தே சாவியைத் திருகிப் பாருங்கள். திறந்திருக்கும்போது லேசாகவும் சாத்தியபின் இறுக்கமாகவும் இருந்தால் சிலிண்டரில் குற்றமில்லை. ஆனி, ஆடியில் மரம் ஊதி, பூட்டின் நாக்கு கதவு நிலையிலுள்ள தகட்டுத் துளையில் இடிக்கிறது. நாக்கின் முனையில் சாக்பீஸைத் தேய்த்துச் சாத்திப் பூட்டினால் இடிக்கும் ஓரம் தகட்டில் வெள்ளையாகத் தெரியும். அந்த ஓரத்தை அரம் போட்டு ஒரு மில்லிமீட்டர் ராவினால் போதும். ஸ்பிரே டப்பாவை எடுக்கவே வேண்டாம்.