மாமா கிளினிக்குக்கு எழுதிய கடிதம்

மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போனேன். தலவாக்கலைப் பக்கம், அம்மாவின் தம்பி வீட்டில்தான் தங்கினேன். மாமாவுக்கு 54 வயது. நுவரெலியாவில் கரட், லீக்ஸ், கோவா ஏற்றி இரவோடு இரவாகத் தம்புள்ளைக்குக் கொண்டுபோகும் மரக்கறி லொறி ஓட்டுகிறார்.

போன முதல் இரவே ஒரு மணி போல இருமல் சத்தம் கேட்டு எழுந்தேன். மாமா கதவைத் திறந்து போட்டுவிட்டு, அந்தக் குளிரில், வாசல் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "குளிருதான் மருமகனே, தம்புள்ளைக்குப் போனா ஒண்ணும் இல்ல" என்றார். கால் இரண்டும் கணுக்காலுக்கு மேல் வரை வீங்கியிருந்தன. அதற்கும் காரணம் வைத்திருந்தார்: ராத்திரி முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு ஓட்டுவதால் வீங்குகிறதாம்.

இரண்டு வாரத்துக்கு முன் ஓர் அரச ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போயிருக்கிறார். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மாமாவுக்குச் சந்தைச் சிங்களம் நன்றாக வரும், ஆனால் நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்ல அது போதவில்லை. பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். "நெஞ்சு அடைக்குது" என்று சொன்னது கெஸ்ட்ரிக் என்று போய், அதற்கான மாத்திரையோடு திரும்பிவிட்டார். அந்த டொக்டரை நான் குறை சொல்லவில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தான்.

மாமாவின் பிரஷர் கிளினிக் நாள் வியாழக்கிழமை. புதன்கிழமை மாலை, சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். மாமா முதலில் எழுதியது இரண்டே வரி: "கால் வீக்கமும் மூச்சுக் கஷ்டமும் உண்டு. நல்ல மருந்து தரவும்." நான் ஒரு மருந்தகத்தில் பல வருடம் வேலை செய்தவன். அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீங்க? படுத்து எவ்வளவு நேரத்தில் எழும்புறீங்க? எழுந்து உட்கார்ந்தால் எவ்வளவு நேரத்தில் சரியாகுது? கடைசியில் வந்த கடிதம் இது.

"மதிப்புக்குரிய டொக்டருக்கு, நான் லொறி சாரதி. ஆறு வாரமாக இரண்டு காலும் வீங்குகிறது. முதலில் செருப்பு வார் பதிந்தது, இப்போது முழங்காலுக்குக் கீழே பாதி வரை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்ப நேரமாகிறது. வலி இல்லை. மட்டமாகப் படுக்க முடியவில்லை. முன்பு ஒரு தலையணை, இப்போது மூன்று. அப்படியும் ஒன்றரை மணி நேரத்தில் மூச்சு முட்டி எழும்புகிறேன். உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் குறைகிறது. காய்ச்சல் இல்லை, சளி நிறம் மாறவில்லை. லொறி சீட்டில் சாய்ந்து தூங்கினால் மூச்சு முட்டுவதில்லை. கிளினிக் கொப்பியில் நிறை 71 கிலோ, நேற்று மரக்கறித் தராசில் 77. பிரஷர் மாத்திரை நாலு மாதமாகக் குடிக்கவில்லை, கிளினிக் நாளில் டிரிப் இருந்தது. முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கி டைக்ளோஃபெனாக் தினம் இரண்டு குடிக்கிறேன். இரவில் வண்டி ஓட்டுகிறேன்."

பக்கத்து வீட்டு டீச்சர் அதையே கீழே சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரே தாள், இரண்டு மொழி.

அந்த லொறி சீட்டு வரிதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது. தம்புள்ளையின் சூட்டில் சுகமாக இருந்தது சூட்டினால் இல்லை. அங்கே அவர் உட்கார்ந்தபடி தூங்குகிறார். இதயம் பலவீனமாகி இரத்தத்தைத் தள்ள முடியாமல் போனால், உடம்பில் உப்பும் நீரும் தங்கும். பகலில் அந்த நீர் காலில் இறங்கி நிற்கும். மட்டமாகப் படுத்ததும் அது இரத்தத்தோடு நெஞ்சுப் பக்கம் திரும்பி வரும். இதயத்தால் அதைச் சமாளிக்க முடியாமல் நுரையீரலில் நீர் கோக்கும், மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் மீண்டும் கீழே இறங்கும். வாசல் படிக் குளிரில் சுகம் கிடைத்ததும் அதனால்தான்.

மாத்திரைகளைப் பற்றி எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பிரஷருக்கு அவருக்குக் கொடுத்திருந்தது அம்லோடிபின். அதைக் குடிப்பவர்களுக்கும் கால் வீங்கும், ஆனால் மாமா நிறுத்தி நாலு மாதமாகிறது. வீக்கமோ ஆறு வாரக் கதை. டைக்ளோஃபெனாக் வேறு சங்கதி. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுவதை அது குறைத்து உடம்பில் தங்க வைக்கும், பலவீனமான இதயத்துக்கு அது பெரிய சுமை. கேட்காவிட்டால் மாமா அதைச் சொல்லியே இருக்க மாட்டார். முழங்கால் மாத்திரைக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தார்.

கடிதத்தை எழுதி முடித்ததும் அத்தையிடம் ஒன்று சொல்லி வைத்தேன். இன்றிரவு உட்கார்ந்தும் மூச்சு அடங்காவிட்டால், பேச முடியாவிட்டால், நெஞ்சு வலித்தால், நுரையோடு சளி வந்தால், விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம், 1990-க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது இலவசம்.

காலை ஐந்தரைக்கே போய் நம்பர் எடுத்தோம், 34. கடிதத்தைக் கொப்பிக்குள் வைத்து நர்ஸிடம் கொடுத்தோம். அவர் நின்றபடியே சிங்களப் பகுதியைப் படித்தார். மூன்று தலையணை வரியில் விரல் வைத்துவிட்டு, கொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மாமாவைக் கூப்பிட்டார்கள், 34-க்கு முன்பே. டொக்டர் காலை அழுத்திப் பார்த்தார். மாமாவைச் சாய்த்துப் படுக்க வைத்துக் கழுத்து நரம்பைப் பார்த்தார், முதுகின் அடிப்பக்கம் குழாய் வைத்துக் கேட்டார். ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே, அப்புறம் தங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்ரூசமைட் ஊசி. வார்டில் ஐந்து நாள். வெளியே வரும்போது நிறை 71.5. எல்லாம் இலவசம். சந்தேகம் இதயப் பலவீனம் என்று துண்டில் எழுதி, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுக்க வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கிடைத்த திகதி ஏழு வாரம் கழித்து. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் இதயம் எவ்வளவு தள்ளுகிறது என்பது எக்கோவில்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்த பின் சிக்கல் ஃப்ரூசமைட் மாத்திரையில் வந்தது. குடித்த ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் வரத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை இழுக்கும். ஓடுகிற லொறியை அடிக்கடி நிறுத்த முடியாது என்பதால் டிரிப் நாளில் மாத்திரையைத் தள்ளிவைக்கும் சாரதிகளை மாமாவுக்கே தெரியும். நாமும் அப்படிச் செய்துவிடக் கூடாதே என்று இரண்டாவது கடிதத்தில் இதைக் கேட்டோம். விடக் கூடாது, வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து மாற்றிக் குடிக்கலாம் என்று பதில் வந்தது. எக்கோ பார்க்கும் வரை வண்டி ஓட்டவும் வேண்டாம் என்றார்கள். லொறியை இப்போது மாமாவின் மூத்த மகன் எடுக்கிறான்.

கருவாடும் ஊறுகாயும் அத்தை நிறுத்திவிட்டார். முழங்காலுக்குப் பெனடோல் மட்டும். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன் நிறை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அடுத்த வியாழன் வரை காத்திருக்காமல் போக வேண்டும். நான் தராசு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாமா தினமும் எண்ணை வாட்ஸ்அப்பில் சொல்கிறார். இன்று காலை 71.2, இரண்டு தலையணை.