படிப்பு விடுப்பா, இ.ஓ.எல்.லா? இரண்டு வருடப் படிப்புக்குப் போகும் மத்திய அரசு ஊழியருக்கு

நிரந்தர வேலையில் இருந்துகொண்டே இரண்டு வருடம் முழுநேரமாகப் படிக்க நினைக்கும் மத்திய அரசு ஊழியருக்கு வேலையை விடாமல் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று படிப்பு விடுப்பு. மற்றொன்று அசாதாரண விடுப்பு, அலுவலகத்தில் எல்லோரும் இ.ஓ.எல். என்று சொல்வது. இரண்டுமே சிசிஎஸ் (விடுப்பு) விதிகள், 1972-இல் வருகின்றன. (ரயில்வே, வங்கி, மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள், அவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

முதலாவதில் சம்பளம் உண்டு, இரண்டாவதில் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுப் பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். உண்மையில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது, படிப்பு முடிந்து வந்தபிறகு வரும் மூன்று வருடங்களை எங்கே கழிக்கப் போகிறீர்கள் என்பதுதான்.

யாருக்குக் கிடைக்கும்

படிப்பு விடுப்புக்குத் தகுதிகாண் காலத்தை முடித்து, அதையும் சேர்த்துக் குறைந்தது 5 வருடத் தொடர் சேவை வேண்டும். திரும்பி வரும் தேதியிலிருந்து ஓய்வுபெற 3 வருடத்துக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். படிப்பு உங்கள் வேலையோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருப்பது நல்லது. இல்லாவிட்டாலும், அரசு ஊழியர் என்ற முறையில் உங்கள் பார்வையை விரிவாக்கும் படிப்பு என்ற அடிப்படையில் கேட்க விதியிலேயே இடம் இருக்கிறது. பொதுக் கொள்கை, மேலாண்மை போன்ற படிப்புகளுக்கு இந்த வாசல்தான். ஆனால் படிப்பால் பொதுநலனுக்கு உறுதியான பயன் உண்டு என்று உங்கள் துறை சான்றளிக்க வேண்டும். இந்தியாவிலேயே போதிய வசதியுள்ள பாடத்தை வெளிநாட்டில் படிக்கப் படிப்பு விடுப்பு கேட்டால் பொதுவாக நிராகரிப்பார்கள்.

அளவும் உண்டு. ஒரு தடவைக்குச் சாதாரணமாக 12 மாதம், முழுப் பணிக்காலத்துக்கும் சேர்த்து 24 மாதம். எனவே இரண்டு வருடப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர், ஏன் ஒரே தடவையில் 24 மாதம் வேண்டும் என்று தனியாகக் காரணம் எழுத வேண்டும். பாடத்திட்டத்தை இணைத்து, இடையில் நிறுத்திப் படிக்க முடியாது என்பதைக் கல்வி நிறுவனத்தின் கடிதத்தோடு காட்டுவது உதவும். இதை எழுதாமல் விட்டுவிட்டு, 12 மாதத்துக்கு மட்டும் ஆணை வந்தபிறகு நீட்டிப்புக்கு அலைவது வீண் வேலை.

இ.ஓ.எல்.லுக்கு இவ்வளவு நிபந்தனை இல்லை. கையில் வேறு விடுப்பு இருந்தாலும், எழுத்துபூர்வமாகக் கேட்டால் இ.ஓ.எல். தரலாம். உச்சவரம்பு வேறு மாதிரியானது: எந்த வகை விடுப்பானாலும் தொடர்ந்து 5 வருடத்துக்கு மேல் போக முடியாது. ஆனால் இரண்டுமே உரிமையல்ல. ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அதிகாரி மறுக்கலாம். கல்லூரியில் சேர்க்கைக் கட்டணம் கட்டிய ரசீதைக் காட்டி அழுத்தம் கொடுப்பது வேலைக்காகாது. சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பத்தைக் கொடுங்கள். ஆணை வந்தபிறகு பணத்தைக் கட்டுங்கள்.

ஒரு கணக்கு

லெவல் 7-இல் அடிப்படை ஊதியம் ரூ.49,000 வாங்கும் ஒருவர், ஜூலை 1 இன்கிரிமென்ட் வாங்கிய கையோடு ஆகஸ்ட் 1-இல் இரண்டு வருட எம்.ஏ. படிக்கக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

படிப்பு விடுப்பில் போனால், கடைசியாக வாங்கிய ஊதியமும் அகவிலைப்படியும் மாதாமாதம் வரும். வீட்டு வாடகைப்படி முதல் 180 நாளுக்கு வரும். அதற்குமேல் வேண்டுமானால் சான்று கொடுக்க வேண்டும். அடிப்படை ஊதியம் மட்டுமே 24 மாதத்துக்கு ரூ.11,76,000. கல்வி உதவித்தொகையோ பகுதிநேர ஊதியமோ வாங்கினால் அதை இதில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் அரைச்சம்பள விடுப்பில் வரும் தொகைக்குக் கீழே போகாது. படிப்புக் கட்டணம் சாதாரணமாக உங்கள் பொறுப்பு. இந்தக் காலம் பதவி உயர்வு, பணிமூப்பு, பென்ஷன், இன்கிரிமென்ட் எல்லாவற்றுக்கும் சேவையாகக் கணக்காகும். அதனால் திரும்பி வரும்போது இரண்டு படி ஏறி ரூ.52,000-இல் உட்காருவார்.

அவரே இ.ஓ.எல்.லில் போனால் இரண்டு வருடம் ஒரு ரூபாயும் வராது. சம்பளம் இல்லாததால் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கான அவருடைய 10% பிடித்தமும் நிற்கும். இந்தக் காலம் இன்கிரிமென்ட்டுக்குச் சேராது. தகுதிச் சேவை 6 மாதம் ஆகாத வருடத்தில் உயர்வு இல்லை. எனவே அதே ரூ.49,000-இல்தான் வந்து சேருவார். மாதம் ரூ.3,000 வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். அதன்மேல் அகவிலைப்படியும், அடுத்தடுத்த எல்லா உயர்வுகளும் ஏறுவதால் ஓய்வுபெறும் வரை அது கூடவே வரும்.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. உயர் அறிவியல் அல்லது தொழில்நுட்பப் படிப்புக்காக எடுத்த இ.ஓ.எல். இன்கிரிமென்ட்டுக்கும், பழைய பென்ஷனில் இருப்பவர்களுக்குத் தகுதிச் சேவைக்கும் கணக்காக வழி இருக்கிறது. எம்.டெக். போகிறவர் விண்ணப்பத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினால் இந்தப் பயனைத் தன் கையாலேயே தள்ளிவிடுகிறார். படிப்பின் பெயரையும் அது தொழில்நுட்பப் படிப்பு என்பதையும் எழுதுங்கள். ஆணையிலும் அந்த வார்த்தை வருகிறதா, பணிப்பதிவேட்டில் அப்படியே ஏறியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். நான்கைந்து வருடம் கழித்து இதைத் திருத்தச் சொல்லிப் போனால், அந்தக் கோப்பை அறிந்தவர் எவரும் அந்த இருக்கையில் இருக்க மாட்டார்.

பிணைப்பத்திரம்

படிப்பு விடுப்பின் விலை இங்கேதான் இருக்கிறது. நிரந்தர ஊழியர் படிவம் 7-இல் பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டும். படித்துவிட்டுப் பணிக்குத் திரும்பாமல் இருந்தாலோ, திரும்பிய 3 வருடத்துக்குள் ராஜினாமா செய்தாலோ, விருப்ப ஓய்வில் போனாலோ, விடுப்பில் வாங்கிய சம்பளம், அரசு செலவழித்த கட்டணம், படிகள் எல்லாவற்றையும் வட்டியோடு கட்ட வேண்டும். நம் கணக்கில் அது பதினோரே முக்கால் லட்சத்தில் ஆரம்பித்து, அகவிலைப்படியும் வட்டியும் சேர்ந்து எங்கோ போய் நிற்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு சங்கதி: படிப்பை முடிக்காமல், சான்றிதழ் காட்ட முடியாமல் போனாலும் இதே நிலைமைதான். இரண்டு தாள் அரியரில் நிற்பவர், வேலையை விடும் எண்ணமே இல்லாவிட்டாலும் சிக்கலில் மாட்டுவார். உடல்நலக் காரணத்தால் ஓய்வு அனுமதிக்கப்பட்டவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

அதனால் என் கருத்து இது. திரும்பி வந்து இதே துறையில் இருக்கப் போகிறவர் படிப்பு விடுப்பை எடுக்காமல் விடக் கூடாது. கிடைக்காவிட்டால் மட்டும் இ.ஓ.எல். பக்கம் போகலாம். படிப்பு முடிந்ததும் வேறு வேலைக்குத் தாவும் வாய்ப்பு பாதிக்குமேல் இருக்கிறது என்று உள்ளுக்குள் தெரிந்தவர் இ.ஓ.எல். எடுப்பதே நேர்மையானது, செலவும் குறைவு. நிரந்தர ஊழியர் இ.ஓ.எல். கேட்கும்போதும் சில அலுவலகங்கள் பத்திரம் கேட்பதுண்டு. அப்படிக் கேட்டால் எந்த விதியின் கீழ் என்று ஆணையில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டையும் சேர்த்தும் எடுக்கலாம். படிப்பு விடுப்போடு ஈட்டிய விடுப்பு முதலியவற்றைச் சேர்த்தால் மொத்தம் 28 மாதத்தைத் தாண்டக் கூடாது, பிஎச்.டி.க்கு 36 மாதம். இ.ஓ.எல். இந்த வரம்பில் சேராது. ஆய்வு நீளும் என்று தெரிந்தவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் ஒரு நாள் படிப்பு விடுப்பு எடுத்தாலும் 3 வருடப் பிணை ஒட்டிக்கொள்ளும்.

எந்த விடுப்பில் இருந்தாலும், அனுமதியின்றி வேறு வேலை செய்யக் கூடாது. பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் உதவியாளராக மாதம் கொஞ்சம் சம்பாதிப்பதும் இதில் அடங்கும். வாய்ப்பு வந்தபின் கேட்பதைவிட விடுப்பு விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது.

திரும்பும் வழி

விடுப்பு முடிந்ததும் பழைய நாற்காலி காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். விடுப்பிலிருந்து வருபவர் தனி ஆணை இல்லாமல் பழைய பதவியிலேயே அமர உரிமை கோர முடியாது. விடுப்பு வழங்கிய அதிகாரியிடம் வந்துவிட்டேன் என்று தெரிவித்து, ஆணைக்குக் காத்திருக்க வேண்டும். வேலை உறுதி, ஊர் உறுதியல்ல. குழந்தையின் பள்ளி, வாடகை வீடு போன்றவற்றை முடிவு செய்யும் முன், மூன்று மாதம் முன்கூட்டியே நிர்வாகப் பிரிவுக்கு எழுதி, திரும்பும் தேதியையும் விரும்பும் இடத்தையும் பதிவு செய்யுங்கள்.

தேதியில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். படிப்பு விடுப்புக் காலத்துக்கு முன்பே படிப்பு முடிந்துவிட்டால் உடனே பணியில் சேர வேண்டும். மிச்ச நாளைச் சாதாரண விடுப்பாக்க முன் அனுமதி தேவை. மறுபக்கம், இ.ஓ.எல்.லில் இருப்பவர் தேதிக்கு முன்பே வேலைக்கு வர நினைத்தாலும் விடுப்பு வழங்கிய அதிகாரி அனுமதித்தால்தான் வர முடியும். பணம் தீர்ந்தது என்று திடீரென வந்து நிற்க முடியாது. வாய்மொழித் தேர்வு தள்ளிப்போனால் நீட்டிப்பு விண்ணப்பம் விடுப்பு முடியும் முன்பே அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதில் வராததை அனுமதி என்று எடுத்துக்கொண்டு தங்கிவிட்டால் அது அனுமதியற்ற வருகையின்மை. ஒழுங்கு நடவடிக்கைக்கு அதுவே போதும்.

சேர்ந்த பிறகு ஈட்டிய விடுப்புக் கணக்கைப் பாருங்கள். இ.ஓ.எல். நாட்களில் பத்தில் ஒரு பங்கை, 15 நாள் வரை, அடுத்த அரையாண்டு வரவில் கழிப்பார்கள். ஜனவரி முதல் ஜூன் வரை முழுதும் இ.ஓ.எல். என்றால் ஜூலை 1-இல் வரவு பூஜ்யம். நம் உதாரண ஊழியர் ஆகஸ்ட் 1-இல் சேர்ந்தால், ஜூலையின் 31 நாளுக்கு 3 கழிந்து ஜனவரியில் 12 நாள்தான் ஏறும். அதுவரை அவசரத்துக்குப் பழைய இருப்பு மட்டுமே கைகொடுக்கும். போகும் முன் ஈட்டிய விடுப்பை முழுக்கக் கரைத்துவிட்டுப் போவதை இதனால்தான் ஆதரிக்க முடியவில்லை. அது ஓய்வின்போது 300 நாள் வரை காசாகக்கூடிய இருப்பும்கூட.

கூடவே, விடுப்பு ஆண்டுகளுக்கு ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை எழுதப்படவில்லை என்பதற்கான சான்றை உங்கள் கோப்பில் சேர்க்கச் செய்யுங்கள். அறிக்கை இல்லாத ஆண்டுகளுக்குப் பதவி உயர்வுக் குழு முந்தைய ஆண்டுகளின் அறிக்கையை எடுத்துப் பார்க்கும். காரணம் எதுவும் இல்லாமல் அந்த இடம் காலியாகக் கிடந்தால், பெயர் வரும்போது கோப்பு விளக்கம் கேட்டுத் திரும்பிப் போகும்.