ஏற்றத்தில் குறையும் வேகம்: Kp 600 போதுமா, 3000 வேண்டுமா?

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் நெடுஞ்சாலை, மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் இடத்தை சுங்கை சிப்புட்காரர்களான எங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மாதிரி ஓர் ஏற்றத்தை மனதில் வைத்துத்தான் காரின் வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் மாடல் ஒன்றைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். வேகம் இலக்கைவிட வினாடிக்கு 1 மீட்டர் குறைந்தால் என்ஜினிடம் எத்தனை நியூட்டன் கூடுதலாகக் கேட்பது என்பதுதான் Kp. நான் எடுத்தது 600.

காரின் எடை 1200 கிலோ. 80 கிமீ வேகத்தை ஒட்டி, வேகம் வினாடிக்கு 1 மீட்டர் கூடினால் காற்றின் தடை சுமார் 20 நியூட்டன் கூடும், அதுதான் b. ஏற்றம் 4 சதவீதம் என்றால் பின்னுக்கு இழுக்கும் விசை 471 நியூட்டன்.

```
u = u0 + Kp*(r - v)
e = m*g*sinθ / (b + Kp)
```

u என்பது என்ஜின் தரும் விசை, r இலக்கு வேகம், v காரின் வேகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை; மேட்டில் கடைசியில் நிலைக்கும் பிழை e. m காரின் எடை, g புவியீர்ப்பு முடுக்கம், θ ஏற்றத்தின் கோணம். u0 என்பது சமதரையில் 80-ஐப் பிடிக்கும் விசை. மேட்டில் அதற்கு மேல் 471 நியூட்டன் வேண்டும். அதைத் தருவது Kp பெருக்கும் பிழை மட்டுமே. பிழை பூஜ்ஜியமானால் கூடுதல் விசையும் பூஜ்ஜியம். அதனால் கொஞ்சம் வேகம் குறைந்தே தீரும்.

Kp 200 என்றால் 7.7 கிமீ குறைகிறது. பின்னால் லோரி வரும் சாலையில் அது சரிப்படாது. 600-இல் குறைவது 2.7 கிமீ. 3000-இல் அரை கிமீதான். இதை மட்டும் பார்த்தால் 3000-ஐத்தான் எடுக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

முடிவை மாற்றியது வேக அளவீடு. தம்பி காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தைப் பதிவு செய்தேன். கார் சீராகப் போகும்போதே எண் 80, 81, 80, 79 என்று துள்ளியது. 1 கிமீ துள்ளல் என்பது 0.28 மீ/வி. அதை 3000-ஆல் பெருக்கினால் 833 நியூட்டன். மலை இழுப்பதே 471-தான்! இல்லாத பிழைக்காக, மலைக்குத் தருவதைவிடப் பெரிய உதைப்பை என்ஜினிடம் கேட்கிறோம். 600-இல் அதே துள்ளல் 167 நியூட்டனோடு நிற்கிறது. காரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது மெல்லிய அசைவுதான்.

இன்னொன்றும் சேர்கிறது. என்ஜின் கேட்ட உடனே விசை தரும் என்று கொள்ளும் இந்த முதல்படி மாடல், எவ்வளவு பெரிய Kp கொடுத்தாலும் ஆடாது. நிஜ என்ஜின் விசை தர நேரமெடுக்கும். அந்தத் தாமதத்தை அரை வினாடி என்று சேர்த்தால், 3000-இல் வேகம், மாற வேண்டிய அளவில் சுமார் 20 சதவீதம் கூடுதலாக எகிறித் திரும்புகிறது. 600-இல் எகிறவே இல்லை. திரையில் வேகக்கோடு அலையடித்தால் Kp மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

மிச்சமுள்ள 2.7 கிமீயும் வேண்டாம் என்பவர்கள் Kp-ஐ ஏற்றாமல், பிழையைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போய் அதற்கேற்ப விசையை ஏற்றும் இன்டெகிரல் பகுதியைச் சேர்ப்பதே சரியான வழி.

இறக்கத்துக்கு 600-ஐ நம்பிச் சொல்ல மாட்டேன். 4 சதவீத இறக்கத்தில் மலை தள்ளும் விசை, 80-இல் காருக்கு இருக்கும் மொத்தத் தடையையே மிஞ்சிவிடும். என்ஜின் பிரேக்கிங்கை என் மாடலில் இன்னும் சேர்க்கவில்லை.